நூல் கட்டிய பென்சில்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடம் நடத்திய ஸ்டார்ட்அப்பை மூடிவிட்டு வேலை தேடுகிறேன். பயோடேட்டாவில் 'நிறுவனர்' என்று பார்த்தாலே தயங்குகிறார்கள். 'ஃப்ரீலான்ஸ் ஆலோசகர்' என்று மாற்றச் சொல்கிறார் நண்பர். ஏன் மூடினீர்கள் என்று கேட்டால், முதலீடு கிடைக்கவில்லை என்கிறேன். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த நண்பரைக் கொஞ்சநாள் தள்ளி வையுங்கள். செய்யாத ஆலோசனைக்கு எந்த பில்லைக் காட்டுவீர்கள்? பின்னணி விசாரணையில் அகப்பட்டால் நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்து போகும். 'நிறுவனர்' என்றே போட்டு, தினமும் செய்தது விற்பனை என்றால் விற்பனை என்று பக்கத்தில் எழுதுங்கள். தீர்ந்தது.

என்னை எழுத உட்கார வைத்தது அந்த 'முதலீடு கிடைக்கவில்லை'தான். தம்பி, உடம்பு சுட்டதால் காய்ச்சல் வந்தது என்கிறீர்கள்.

நானும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். பல் மருத்துவர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் செயலி செய்தோம். பயோடேட்டாவில் பெருமையாக '62 கிளினிக்குகள்'. நேர்காணலில் ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இதில் காசு கொடுத்தது எத்தனை?" என்றார். 19. "ஆறு மாதம் கழித்தும் கொடுத்தது?" 8. "மற்ற 11 பேர் ஏன் போனார்கள்?" முதலீடு மட்டும் வந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேலையும் போனது.

வீட்டுக்கு வந்து அந்தப் 11 இடங்களையும் நினைத்துப் பார்த்தேன். வரவேற்பு மேஜையில் ஒரு நீள நோட்டு, நூல் கட்டிய பென்சில். நோயாளி நேரத்தை மாற்றினால் அங்கிருக்கும் பெண் அழித்துவிட்டு எழுதிவிடுவார். எங்கள் செயலியில் அதற்கே ஆறு முறை தட்ட வேண்டும். வாங்கியவர் டாக்டர், தட்ட வேண்டியவர் அந்தப் பெண். நாலாவது மாதமே அந்த நோட்டை நான் பார்த்தேன். பார்த்தும், டாக்டர்கள் கேட்ட ரிப்போர்ட்டுகளைச் செய்வதிலேயே எட்டு மாதத்தைத் தொலைத்தேன்.

அடுத்த நேர்காணலில் அப்படியே சொன்னேன்: 62, 19, 8, நோட்டு, தொலைத்த எட்டு மாதம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பிறகு அரை மணிநேரம் நோட்டைப் பற்றியே கேட்டார்கள். எப்போது தெரிந்தது, ஏன் நிறுத்தவில்லை, இப்போதென்றால் என்ன செய்வீர்கள் என்று. முதல்முறையாக என்னிடம் வேலை தெரிந்த ஆளிடம் பேசுவதுபோலப் பேசினார்கள்.

உங்களை விட்டுப்போன வாடிக்கையாளர்களில் நாலு பேருக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். திட்டுவார்கள், எழுதிக்கொள்ளுங்கள். கடைசிச் சம்பளத்தைப் பாக்கியில்லாமல் கொடுத்திருந்தால் பழைய ஊழியர் ஒருவரை ரெஃபரன்ஸாகக் கேளுங்கள். இன்னொருவரின் கீழ் வேலை பார்ப்பீர்களா என்றும் கேட்பார்கள். அதற்கு 'பார்ப்பேன்' போதும், உரை வேண்டாம்.

மூடிவிட்டேன் என்கிறீர்களே, எதை, அலுவலகக் கதவையா, பதிவையா? இயக்குநராக உங்கள் பெயர் இன்னும் இருந்தால், ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வேறு தொழிலில் இருக்கக் கூடாது என்ற ஷரத்து ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் எங்காவது இருக்கும்.