இரண்டு அரியரோடு இன்டர்வியூவுக்குப் போவது எப்படி

“இந்த வருடம் (2025) மே மாதம் பி.இ. ஈசிஇ கடைசி செமஸ்டர் முடித்தேன். சிஜிபிஏ 6.1. இரண்டு பேப்பர் அரியர் நிற்கிறது. ஊர் மார்த்தாண்டம். இன்டர்வியூவில் இதை எப்படிச் சொல்வது? ஃபாரத்தில் சொல்லாமல் விட்டால் பிரச்சனை வருமா?”

வரும். எனக்கே வந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் குலசேகரம் பக்கம். 2015 முதல் 2019 வரை அதே ஈசிஇ, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி. கடைசி வருடம் வரை எம்-த்ரீயும் எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸும் அரியராக நின்றன. 2019 மே மாதத் தேர்வில் இரண்டையும் மறுபடி எழுதினேன். ரிசல்ட் வருவதற்குள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு சின்ன கம்பெனியில் இன்டர்வியூ வந்தது. குழித்துறையில் ரயில் ஏறி, கழக்கூட்டத்தில் இறங்கிப் போனேன். அங்கே கொடுத்த ஃபாரத்தில் இப்போது எத்தனை அரியர் நிலுவையில் இருக்கிறது என்று ஒரு கட்டம். இந்தத் தடவை எப்படியும் பாஸாகிவிடும் என்ற நம்பிக்கையில் 0 என்று எழுதினேன்.

வேலைக்கு எடுத்தார்கள். சேருவதற்கு முன் எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்டும் கடைசி ரிசல்ட்டும் அனுப்பச் சொன்னார்கள். ரிசல்ட்டில் இரண்டு பேப்பரும் போயிருந்தன. ஹெச்ஆர் மேடம் போனில் பேசினார். கோபப்படவில்லை. “2-ன்னு எழுதியிருந்தா டிசம்பர் எக்ஸாம் வரைக்கும் டைம் கொடுத்திருப்போம். 0-ன்னு எழுதினதால இனி என்னால மேலே பேச முடியாது” என்றார். அந்த வேலை அப்படிப் போனது.

இப்போது நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். மூன்று வருடமாக ஃப்ரெஷர்களை இன்டர்வியூ எடுக்கும் இருவரில் நானும் ஒருவன். அதனால் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

அரியரை மறைக்கவே முடியாது. மூன்றாவது செமஸ்டர் பேப்பரை ஏழாவது செமஸ்டரில் பாஸ் செய்தால், அது ஏழாவது செமஸ்டர் மார்க்‌ஷீட்டில்தான் வரும். எட்டு மார்க்‌ஷீட்டையும் வரிசையாக வைத்தால் எது எப்போது போனது, எப்போது வந்தது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நிலுவை இருந்தால் இன்னும் எளிது, ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட்டே கையில் இருக்காது. பெரிய கம்பெனிகளில் சரிபார்ப்பு வேறொரு ஏஜென்சி வழியாக நடக்கும். சேர்ந்து சில வாரம் கழித்துக்கூட அறிக்கை வரும். அப்போது பொய் தெரிந்தால் வேலையும் போகும், அந்தக் கம்பெனியை அனுபவமாகக் காட்டவும் முடியாது.

ஃபாரங்களில் கேள்வி இரண்டு விதமாக வரும், கவனமாகப் படியுங்கள். இப்போது நிலுவையில் இருப்பது எத்தனை என்பது ஒன்று. இதுவரை மொத்தம் எத்தனை அரியர் வைத்தீர்கள் என்பது இன்னொன்று. அதைத்தான் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்’ என்பார்கள். ஐந்து பேப்பர் வைத்து மூன்றை முடித்திருந்தால் முதல் கட்டத்தில் 2, இரண்டாவதில் 5. எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பேப்பரும் நிலுவைதான். நான் தவறியது அங்கேதான்.

சிஜிபிஏ விஷயத்திலும் ஒன்று உண்டு. அண்ணா பல்கலைக்கழகக் கணக்கில் பாஸாகாத பேப்பர் சிஜிபிஏவில் சேராது. உங்கள் 6.1 மீதிப் பேப்பர்களுக்கானது. அந்த இரண்டையும் முடித்ததும் அது கொஞ்சம் மாறும், பெரும்பாலும் லேசாக இறங்கும். அதனால் ‘இன்றைய தேதியில் 6.1’ என்று சொல்லிப் பழகுங்கள். சதவீதம் கேட்டால் பத்தால் பெருக்கி 61 என்று எழுதலாம். சிஜிபிஏ 5.96 இருப்பவர் 59.6 என்றே எழுத வேண்டும், 60 ஆக்கக் கூடாது. பல இடங்களில் தகுதிக் கோடு 60-இல்தான் இருக்கும், அந்த அரைப் புள்ளியைத்தான் முதலில் சரிபார்ப்பார்கள்.

ரெஸ்யூமில் பி.இ. 2025 என்று மட்டும் போட்டால் டிகிரி கையில் இருப்பதாக அர்த்தமாகிவிடும். கோர்ஸ் முடிந்தது, இரண்டு பேப்பர் நிலுவை, நவம்பர்/டிசம்பர் 2025 தேர்வு எழுதுகிறேன் என்று ஒரே வரியில் போடுங்கள். இதைப் போட்டால் கூப்பிடவே மாட்டார்களே என்று தோன்றும். சில இடங்களில் கூப்பிட மாட்டார்கள்தான். அந்த இடங்கள் மார்க்‌ஷீட் பார்க்கும் அன்றைக்கும் உங்களை எடுக்கப் போவதில்லை.

இனி இன்டர்வியூவில் சொல்வது. என் இரண்டாவது இன்டர்வியூ நாகர்கோவிலில், பத்துப் பேர் வேலை செய்யும் இடம். ஓனர் நேராகவே கேட்டார், “தம்பி, அரியர் இருக்கா?” நான் சொன்னது கிட்டத்தட்ட இது: “இரண்டு இருக்கு சார். எம்-த்ரீ, எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ். மூணாவது செமஸ்டர்ல அப்பாவுக்குக் கால் ஒடிஞ்சதால காலைல நான்தான் ரப்பர் பால் வெட்டப் போனேன், அப்போ கணக்குல அடிப்படை விட்டுப்போச்சு, அதனால நாலாவது செமஸ்டர் ஃபீல்ட்ஸும் போச்சு. டிசம்பர்ல இரண்டையும் எழுதறேன், இப்போ வாரத்துல மூணு நாள் ட்யூஷன் போறேன்.” அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

எண்ணிக்கை, பேப்பர் பெயர், காரணம், அடுத்த தேர்வு மாதம், இப்போது செய்வது. இவ்வளவு போதும். காரணம் ஒரு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம். மார்க்‌ஷீட்டோடு அது பொருந்த வேண்டும். என் மூன்றாவது செமஸ்டர் ஜிபிஏ மற்றவற்றைவிடத் தெளிவாகக் கீழே கிடந்தது, ஐந்தாவதிலிருந்து ஏறியது. ஓனர் காகிதத்தில் அதைப் பார்த்தார், அதனால் சொன்னதை நம்பினார். எட்டு செமஸ்டரும் ஒரே மாதிரி இருக்கும்போது மூன்றாவது செமஸ்டரில் வீட்டில் கஷ்டம் என்று சொன்னால் எடுபடாது. உண்மையான காரணம் படிக்காததுதான் என்றால் அதையே சொல்லுங்கள்: “முதல் இரண்டு வருடம் ஒழுங்காகப் படிக்கவில்லை சார்.” இதைச் சொன்ன பிள்ளைகளை நாங்கள் எடுத்திருக்கிறோம்.

நான் அடிக்கடி கேட்கும் ஒரு பதில், திருத்தியதில் தப்பு என்பது. உடனே என் அடுத்த கேள்வி, விடைத்தாள் நகல் வாங்கினீர்களா, ரீவேல்யூவேஷன் போட்டீர்களா என்பதுதான். இரண்டும் செய்யவில்லை என்றால் அந்தப் பதில் அங்கேயே உட்கார்ந்துவிடும். சொல்லிக்கொடுத்தவர் சரியில்லை என்பதும் அப்படித்தான். அதே வகுப்பில் பாஸானவர்கள் அடுத்த வாரம் அதே நாற்காலியில் உட்காருவார்கள்.

சொல்லி முடித்ததும் பேச்சு நிற்காது என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. நிலுவையில் இருக்கும் பேப்பரிலிருந்தே கேள்வி வரும். போன டிசம்பரில் ஒரு பெண் வந்தார். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் நிலுவை என்று நேர்மையாகச் சொன்னார். எங்கள் வேலை சென்சார் அளவுகளைப் படிப்பது. அதனால் 50 ஹெர்ட்ஸ் சிக்னலைப் பிடிக்க நொடிக்கு எத்தனை முறை சாம்பிள் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். 100-க்கு மேல் என்றார், ஏன் என்றும் சொன்னார், குறைவாக எடுத்தால் அலை தப்பாகத் தெரியும் என்று கையால் காற்றில் வரைந்தும் காட்டினார். எடுத்துக்கொண்டோம். உங்கள் இரண்டு பேப்பரில் எது நீங்கள் போகும் வேலையைத் தொடுகிறதோ, அதன் முதல் இரண்டு யூனிட்டையாவது கேட்டால் சொல்லும் அளவுக்கு வைத்துக்கொண்டு போங்கள். தேர்வுக்கும் உதவும்.

கையில் இரண்டு காகிதம் கொண்டு போங்கள். செமஸ்டர்வாரியாக ஜிபிஏ ஒரே பக்கத்தில். அப்புறம் தேர்வுக்குப் பணம் கட்டிய ரசீது, ஹால் டிக்கெட் வந்துவிட்டால் அது. எழுதப் போகிறேன் என்று வாயால் சொல்பவர் நிறைய. ரசீது எடுத்து வைப்பவரைக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் நடக்காத இடங்களும் உண்டு. அரியர் எண்ணிக்கை கேட்டு ஆன்லைனிலேயே வடிகட்டும் கம்பெனிகளில் உங்கள் விளக்கத்தைக் கேட்க ஆளே இருக்காது. வங்கித் தேர்வுக்கு அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் டிகிரி ரிசல்ட் வந்திருக்க வேண்டும். நம்ம ஊரில் உடனே சொல்லும் இன்னொரு யோசனை, கல்ஃபில் இருக்கும் மாமாவிடம் சொல்லி விசா எடுப்பது. இன்ஜினியர் பதவிக்கு அங்கே டிகிரி அட்டெஸ்டேஷன் கேட்பார்கள், டிகிரி இல்லாமல் அது நடக்காது. வேறு பதவியின் பெயரில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். இந்த ஆறு மாதத்துக்கு உங்களுக்கு ஏற்றவை நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கத்துச் சின்ன கம்பெனிகள்தான். அங்கே முடிவெடுப்பவரே எதிரில் உட்கார்ந்து கேட்பார்.

எடுத்தால் பெரும்பாலும் ஒரு நிபந்தனையோடு எடுப்பார்கள். எனக்கு மாதம் 8,000, அரியர் முடிந்ததும் 14,000 என்று பேச்சு. இதை வாய்ச்சொல்லாக விடாமல் மெயிலில் கேட்டு வாங்குங்கள்: எந்தத் தேர்வுக்குள் முடிக்க வேண்டும், ரிசல்ட் பக்கம் போதுமா, ப்ரொவிஷனல் வேண்டுமா, தேர்வு நாட்களுக்கு லீவு உண்டா. ரிசல்ட் வந்து ப்ரொவிஷனல் கல்லூரிக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம், அந்த இடைவெளியில் சம்பளம் எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் லீவு கேட்க வேண்டாம் என்பதற்காகத் தேர்வு அட்டவணை வந்த அன்றே அதை அனுப்பி வைத்தேன்.

ரிசல்ட் வந்த அன்றே அதையும் அனுப்புங்கள், பேப்பர் மறுபடி போயிருந்தாலும்கூட. எனக்கு 2020 தொடக்கத்தில் வந்தது, இரண்டும் பாஸ். ஃபீல்ட்ஸில் ஒட்டிக்கொண்டு வந்தேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், அடுத்த மாதத்திலிருந்து 14,000 வந்தது. உங்கள் இரண்டு பேப்பரின் பெயரைக் கருத்தில் எழுதினால், இன்டர்வியூவில் அதிலிருந்து என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.