பெரிய தட்டு நகர வேண்டுமென்றால்

அன்புள்ள ஐயா,

மூன்று கம்பு, அடுக்கிய தட்டுகள் வைத்து, அடுக்கை வேறொரு கம்புக்கு மாற்றும் ஹனோய் கோபுரப் புதிரில் மூன்று தட்டுகளை 7 நகர்த்தலில் முடித்துவிட்டேன். நாலாவது தட்டைச் சேர்த்தால் ஒன்பது, பத்தில் முடியும் என்று நினைத்தேன். 15-க்குக் கீழே இறங்கவே இல்லை. விடை தேடினால், ‘மேலே உள்ள மூன்றையும் நகர்த்து, பெரியதை நகர்த்து, மறுபடி அந்த மூன்றையும் நகர்த்து’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு தட்டு, சிறியதன் மேல் பெரியதை வைக்கக்கூடாது என்பதுதானே விதி? இது அழுகுணி ஆட்டம் இல்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அழுகுணி இல்லை. ‘மூன்றையும் நகர்த்து’ என்பது நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்த ஏழு நகர்த்தல்களுக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் ஒரே தட்டுதான் கை மாறுகிறது.

ஆனால் அடியில் நாலாவது தட்டு கிடக்கும்போதும் அதே ஏழு செல்லுமா என்று கேட்கலாம். கம்புகளுக்கு A, B, C என்றும், தட்டுகளுக்குச் சிறியதிலிருந்து 1, 2, 3, 4 என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். எல்லாம் A-யில் இருக்கின்றன, C-க்குப் போக வேண்டும். முதலில் மேலே உள்ள மூன்றை B-க்குக் கொண்டுபோகிறோம்: 1 B-க்கு, 2 C-க்கு, 1 C-க்கு, 3 B-க்கு, 1 A-க்கு, 2 B-க்கு, 1 B-க்கு. ஐந்தாவது நகர்த்தலைப் பாருங்கள். சின்னஞ்சிறு 1 போய் 4-இன் முதுகில் உட்காருகிறது. விதி அதைத் தடுக்கவில்லை, ஏனென்றால் 4-ஐவிட மற்ற எல்லாமே சிறியவை. அந்த மூன்றுக்கும் 4 வெறும் தரை மாதிரி. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றின் ஆட்டம் மாறாது. பெரிய புதிரை அதே மாதிரியான சின்னப் புதிராகச் சுருக்கித் தீர்க்கும் ரிகர்ஷன் இங்கே செல்லுபடியாவதற்குக் காரணம் இதுதான். விதி தலைகீழாக, பெரியதுதான் மேலே இருக்க வேண்டும் என்று இருந்து, 4 அடியிலேயே கிடந்தால், சின்னப் புதிரைப் பெரிய புதிருக்குள் அப்படியே தூக்கி வைத்திருக்க முடியாது.

அப்புறம் 4 C-க்குப் போகிறது. B-யில் உள்ள மூன்றும் இன்னொரு ஏழில் அதன் மேல் வந்து சேருகின்றன. 7 + 1 + 7. சரி, 15-இல் முடியும் என்பது தெரிந்துவிட்டது. குறைவாக ஏன் முடியாது?

4-ஐத் தூக்கப்போகும் அந்த நொடியில் நின்று சுற்றிப் பாருங்கள். அதன் மேல் ஒன்றும் இருக்கக்கூடாது. அது போகும் கம்பிலும் ஒன்றும் இருக்கக்கூடாது, ஏனென்றால் எதன் மேலும் அதனால் உட்கார முடியாது. மிச்சம் இருப்பது ஒரே கம்பு. ஆகவே மற்ற மூன்றும் அந்த ஒரு கம்பில் ஒழுங்காக அடுக்கியே இருந்தாக வேண்டும். பாதி அங்கே, பாதி இங்கே என்று சமாளிக்க வழியில்லை. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முழு மூன்று தட்டுப் புதிரை அதற்குள் ஒரு தடவை முடித்திருப்பார். 4 கடைசியாக நகர்ந்து C-யில் இறங்கும்போதும் இதே நிலைதான். மூன்றும் வேறொரு கம்பில் இருக்கும், அங்கிருந்து முழுதாக வந்தாக வேண்டும். இரண்டு முழு ஆட்டம், நடுவே குறைந்தது ஒரு நகர்த்தல்.

மூன்று தட்டுக்கு 7-தான் குறைந்தபட்சமா என்றால், அதே வாதத்தை ஒரு படி கீழே இறக்குங்கள்: 3 + 1 + 3. இன்னும் கீழே 1 + 1 + 1. ஒரு தட்டுக்கு ஒரு நகர்த்தல் என்பதில் போய் நிற்கும். இப்படி வரும் 1, 3, 7, 15, 31 என்ற வரிசையில் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 2, 4, 8, 16, 32. அதனால்தான் n தட்டுகளுக்கு 2ⁿ − 1. இருபது தட்டு என்றால் 10,48,575. நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் பன்னிரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல். 1883-இல் இந்தப் புதிரை வெளியிட்ட பிரெஞ்சுக் கணிதர் எடுவார் லூகாஸோடு சேர்ந்து பரவிய கதையில் 64 தங்கத் தட்டுகள். அதே வேகத்தில் அதற்கு ஏறக்குறைய 58,500 கோடி ஆண்டுகள்.

நடைமுறையில் பலரும் சறுக்குவது முதல் நகர்த்தலில். தட்டுகள் ஒற்றைப்படை என்றால் 1 நேராகச் சேர வேண்டிய கம்புக்கே போக வேண்டும். இரட்டைப்படை என்றால் மற்றக் கம்புக்கு. நாலு தட்டில் இதை மாற்றிச் செய்தால் ஏழாவது நகர்த்தலில் குட்டு வெளிப்படும்: மூன்றும் C-யில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், 4-க்கு அங்கே இடம் இருக்காது.

உங்கள் ‘ஒன்பது’ அவ்வளவு தப்பான கணிப்பும் இல்லை. நாலாவது கம்பு ஒன்று இருந்தால், பெரியது நகரும்போது மற்றவை இரண்டு கம்புகளில் பிரிந்து நிற்கலாம். மேல் இரண்டை 3 நகர்த்தலில் ஒதுக்கி, கீழ் இரண்டை 3-இல் கொண்டுபோய், ஒதுக்கியதை 3-இல் திரும்ப ஏற்றினால் நாலு தட்டும் சரியாக ஒன்பதில் முடியும்.