மாதிரியெடுப்பு அட்டவணையில் எந்த நிரல் முக்கியம்?

"ஆய்வு முறையியலில் மாதிரியெடுப்பு அத்தியாயத்தை ஒரு ஒப்பீட்டு அட்டவணையாகச் சுருக்கவேணும். முறைகளையும் பக்கச்சார்புகளையும் ஒரே பக்கத்தில் கொண்டுவருவது எப்படி? உதாரணம் யாழ்ப்பாணத்தை ஒட்டி இருந்தால் நல்லது."

"நன்மை", "தீமை" என்ற இரண்டு நிரல்களையும் விட்டுவிடுங்கள். "இலகு", "செலவு குறைவு" என்று எல்லா வரிசையிலும் ஒரே சொற்கள்தான் வந்து நிற்கும். அதற்குப் பதிலாக "யார் விடுபடுகிறார்" என்று ஒன்று, "அதனால் விடை எந்தப் பக்கம் சாயும்" என்று இன்னொன்று போடுங்கள். அப்போது பக்கச்சார்புக்குத் தனி அட்டவணை தேவைப்படாது.

உதாரணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வியை வையுங்கள். நான் இறுதியாண்டு ஆய்வில் கேட்டது இது: ஒரு கிராம அலுவலர் பிரிவில் எத்தனை வீடுகள் சொந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கின்றன?

| முறை | செய்வது | விடுபடுபவர் | சாய்வு |
|---|---|---|---|
| முறைமையானது | வாக்காளர் இடாப்பிலிருந்து ஒவ்வொரு 10ஆவது வீடு | இங்கே பதியாத வாடகைக் குடும்பங்கள் | அவர்கள் தண்ணீர் வாங்குபவர்கள் என்றால், கிணறு கூடித் தெரியும் |
| படையாக்கம் | தோட்டப்பகுதி, கரையோரம், கடைத்தெரு மூன்றிலிருந்தும் சில வீடுகள் | அதே இடாப்பு என்றால் அதே ஆட்கள் | அதே சாய்வு |
| கொத்தணி | சீட்டிழுத்த மூன்று ஒழுங்கைகளில் எல்லா வீடுகளும் | வீடுகளை அதே இடாப்பிலிருந்து எடுத்தால் அதே ஆட்கள் | அதே சாய்வு. ஆனால் தற்செயல் வழு பெரிது |
| வசதி | சந்திக் கடையில் நிற்பவர்களைக் கேட்பது | கடைக்கு வராத முதியவர்கள் | அவர்கள் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் என்றால், தண்ணீர் வாங்குவது கூடித் தெரியும் |

படையாக்கமும் கொத்தணியும்தான் பலருக்கும் குழம்பும். முதலாவதில் எல்லாப் பிரிவுக்கும் போய், ஒவ்வொன்றிலும் சிலரை எடுக்கிறோம். இரண்டாவதில் சில பிரிவுகளுக்கு மட்டும் போய், அங்கே எல்லாரையும் எடுக்கிறோம். கொத்தணியின் குறை பக்கச்சார்பு இல்லை. ஒரு கிணறு உவர் என்றால் பக்கத்து வளவுக் கிணறும் பெரும்பாலும் உவர்தான். அதனால் ஒரே ஒழுங்கையில் 40 வீடு கேட்டாலும், ஊர் முழுக்கப் பரந்த 40 வீடு சொல்லும் அளவு செய்தி அதில் கிடைக்காது.

சரி, முதல் வரிசையைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். என் இடாப்பில் 400 வீடுகள், எனக்குத் தேவை 40. 400ஐ 40ஆல் பிரித்தால் 10. ஒன்றிலிருந்து பத்துக்குள் சீட்டிழுத்தேன், 7 வந்தது. ஆகவே 7, 17, 27 என்று 397 வரை. பிழையே இல்லாத எழுமாற்றுத் தெரிவு. ஆனால் போய்ப் பார்த்தால் 8 வீடுகள் பூட்டிக் கிடந்தன.

முதல் நாள் நான் செய்தது பிழை. பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டினேன். பகல் பதினொரு மணிக்குப் படலை திறப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடுகள் மெல்ல மெல்லக் கழன்றுபோய், அந்த இடங்களை வீட்டிலிருப்பவர்கள் நிரப்பிவிடுவார்கள். எண்ணிக்கை 40 என்றே நிற்பதால் கணக்கைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மாற்றிய வீடுகளைக் குறித்து வைத்திருந்தால்தான் தெரியும். நல்லகாலம், நான் குறித்து வைத்திருந்தேன். அந்த மாற்று விடைகளை எடுத்துவிட்டேன்.

அப்புறம் அயலில் விசாரித்தேன். 8இல் 5 வீட்டுக்காரர் வெளிநாட்டில், அங்கே யாரும் குடியில்லை. அவை விடை தராத வீடுகள் அல்ல. என் குடித்தொகைக்குள் வராத வீடுகள். கழித்தால் 35. மற்ற மூன்றும் வேலைக்குப் போனவர்களின் வீடுகள். பின்னேரம் இரண்டு தடவை போயும் பிடிக்க முடியவில்லை. அவைதான் உண்மையான விடையின்மை.

விடை தந்த 32 வீடுகளில் 24 கிணற்றுத் தண்ணீர் குடித்தன, அதாவது 75%. அந்த மூன்று வீடும் தண்ணீர் வாங்குபவை என்றால் 35இல் 24, ஏறக்குறைய 69%. மூன்றும் கிணறு என்றால் 35இல் 27, ஏறக்குறைய 77%. விடையின்மை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டும். சாய்வு நிரலில் "69–77" என்றே எழுதுங்கள். "விடையின்மைப் பக்கச்சார்பு உண்டு" என்று எழுதுவதைவிட அது அதிகம் சொல்லும்.

மாதிரியைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று வகுப்பில் யாராவது சொன்னால், அட்டவணையின் அடியில் 1936ஐ எழுதிக் காட்டுங்கள். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் சஞ்சிகை தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களைக் கொண்டு ஏறக்குறைய ஒரு கோடி அட்டைகள் அனுப்பியது. திரும்பி வந்தவை ஏறக்குறைய 24 இலட்சம். அவற்றை எண்ணி லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் பெருவெற்றி பெற்றார். பட்டியலில் இல்லாதவர்கள் ஒரு பக்கம், அட்டை வந்தும் திருப்பி அனுப்பாதவர்கள் இன்னொரு பக்கம். என் இடாப்பில் இல்லாத வாடகைக் குடும்பங்களும், பூட்டிக் கிடந்த அந்த மூன்று வீடுகளும் இதே இரண்டு வகைதான்.