சார் எதைப் பார்ப்பார்?

கேள்வி: 2019-ல் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். அன்றிலிருந்து அபார்ட்மென்ட், ஹோட்டல் ஆர்.ஓ. பிளான்ட்டுகளுக்கு சர்வீஸ் செய்யும் வேலை. திருப்பூர் பக்கம் சாயக்கழிவுநீர் சுத்திகரிப்புத் துறைக்கு மாற ஆசை. தேங்காய் ஓட்டுக் கரியால் சாயத்தை உறிஞ்ச வைக்கும் எங்கள் புராஜெக்ட்டுக்கு கைடாக இருந்த பேராசிரியருக்கு அந்தத் துறையில் நிறையப் பேரைத் தெரியும். "சார், நல்லா இருக்கீங்களா? வேலை மாறலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அறிமுகம் பண்ணி வைங்க. ரெஸ்யூமே இணைச்சிருக்கேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பார்க்கிறேன்பா" என்றார். இரண்டு மாதமாகப் பேச்சே இல்லை. பழைய மாணவனுக்கு இவ்வளவுதானா மதிப்பு?

— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: மதிப்பு இருக்கப்போய்த்தான் "பார்க்கிறேன்பா" என்றாவது வந்தது. ஆனால் அவர் எதைப் பார்ப்பார்? யாரைக் கேட்பது, எதற்காகக் கேட்பது, உங்களைப் பற்றி என்ன சொல்வது என எல்லாவற்றையும் அவரே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள். வகுப்பு, லேப், விடைத்தாள் திருத்தல், அங்கீகாரக் குழு வருகிறது என்று ஃபைல் அடுக்குவது, இவற்றுக்கு நடுவே உங்கள் செய்தி மற்ற செய்திகளுக்குக் கீழே போய்விட்டது. அவ்வளவுதான். கோபப்பட இதில் ஒன்றும் இல்லை.

முதலில் உங்கள் துறையையே எடுத்துக்கொள்வோம். "தெரிஞ்சவங்க" என்று அங்கே ஒரே கூட்டம் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அங்கே தொழில் நடக்கிறது. பட்டறையிலிருந்து வரும் தண்ணீர் பெரிய தொட்டியில் கலந்து சமன்படுகிறது. நுண்ணுயிர்கள் அதிலுள்ள கரிமக் கழிவைத் தின்கின்றன. வடிகட்டிய பிறகு ஆர்.ஓ. அடுக்குகள் பெரும்பகுதியை நல்ல தண்ணீராகத் திருப்பித் தருகின்றன. மிஞ்சும் உப்புக் கரைசலை எவாப்பரேட்டரில் காய்ச்சி, சோடியம் சல்ஃபேட்டைப் படிகமாக மீட்டு மறுபடி சாயமேற்றவே கொடுக்கிறார்கள். நுண்ணுயிர்த் தொட்டியைப் பார்ப்பவர், ஆர்.ஓ. பார்ப்பவர், எவாப்பரேட்டர் ஓட்டுபவர், பிளான்ட்டை வடிவமைத்துக் கட்டிக்கொடுக்கும் கம்பெனிக்காரர், ஆர்.ஓ.வில் தண்ணீரை வடிக்கும் சவ்வான மெம்பிரேனும் கெமிக்கலும் விற்பவர் என்று ஆளுக்கொரு உலகம். ஒருவருக்குத் தேவைப்படும் ஆள் இன்னொருவருக்குத் தேவைப்பட மாட்டார்.

இதில் உங்களுக்குக் கதவு எது? ஆர்.ஓ. தான். மெம்பிரேன் அடைக்கிறது என்பதை, உள்ளே போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் இடைவெளி கூடுவதையும், நல்ல தண்ணீர் வரத்து குறைவதையும், அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவான டி.டி.எஸ். ஏறுவதையும் வைத்துக் கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரியும். கழற்றாமலே கெமிக்கல் ஓட்டிக் கழுவவும் தெரியும். தெரியாதது, போர் தண்ணீருக்கும் சாயக்கழிவுக்கும் உள்ள வித்தியாசம். ஹோட்டல் பிளான்ட்டில் பெரும்பாலும் சுண்ணாம்பும் இரும்பும்தான் படியும், ஆசிட் கழுவலில் இளகும். சாயக்கழிவில் கரிமப் பொருளும் நுண்ணுயிர்ப் பசையும் சேர்ந்து ஒட்டும், அதற்குக் காரக் கழுவல் வேண்டும். எவாப்பரேட்டர் பக்கம் நீங்கள் போனதே இல்லை. அதை மறைக்கவும் வேண்டாம். இவ்வளவையும் யோசித்துவிட்டால் கேட்க வேண்டிய ஆள் தானாகவே தெரிந்துவிடுகிறார்: பொது சுத்திகரிப்பு நிலையத்திலோ பெரிய சாய ஆலையிலோ ஆர்.ஓ. பிரிவைக் கவனிக்கும் ஒருவர்.

பேராசிரியருக்கு இப்படிப்பட்டவர்களை எப்படித் தெரியும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஆலைகள் தண்ணீர் சாம்பிள் சோதிக்கக் கல்லூரி லேபுக்கு வந்திருக்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறையிலிருந்து ஒருவர் இருந்தாக வேண்டும், பழைய மாணவர் ஒருவரும் இருப்பார். ஒவ்வொரு வருடமும் பிளான்ட் டிரெயினிங்குக்குப் பிள்ளைகளை அனுப்ப ஏதாவது ஒரு பிளான்ட் மேனேஜரிடம் போனில் கெஞ்சித்தான் ஆக வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விஷயத்தை. அந்த மேனேஜரிடம் சாருக்கு உள்ள செல்வாக்கு அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் தேவை. நீங்கள் போய் "சார், ஏதாவது வேலை போட்டுக் கொடுங்க" என்று நின்றால், அடுத்த முறை அவர் போனை எடுக்க மேனேஜர் யோசிப்பார். 2019-க்குப் பிறகு நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று சாருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத ஒருவனுக்காகத் தன் பெயரைக் கொடுக்கச் சொல்கிறீர்கள். தயங்க மாட்டாரா?

அதனால் வேலை கேட்காதீர்கள். இருபது நிமிடம் போனில் பேசக் கேளுங்கள். வேலை இல்லை என்றால் மேனேஜர் "இல்லை" என்று சொல்ல வேண்டிவரும், மூன்று பேருக்கும் சங்கடம். தொழில் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லலாம். ஆள் தேவைப்பட்டால் அந்தப் பேச்சிலேயே அவர் உங்களை எடைபோட்டுவிடுவார், நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. முதல் செய்தியில் ரெஸ்யூமே வேண்டாம் என்பதும் இதனால்தான். அதைக் கண்டவுடன் இது வேலை கேட்கும் செய்தி என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

சாருக்கு இரண்டு தனித்தனிச் செய்திகள் அனுப்புங்கள். அவரோடு ஆங்கிலத்தில்தான் பேசுவீர்கள் என்றால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், விஷயம் இதுதான். முதலாவது அவருக்கு மட்டும்:

"சார், வணக்கம். நான் 2019 கெமிக்கல் பேட்ச் (பெயர்). தேங்காய் ஓட்டுக் கரி புராஜெக்ட், கடைசி ரிவ்யூ அன்று கரி நிரப்பிய குழாய் அடைத்துக்கொண்டதே, அந்த டீம். போன தடவை பொத்தாம்பொதுவாகக் கேட்டுவிட்டேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். ஆர்.ஓ. சர்வீஸ் அனுபவத்தை வைத்து சாயக்கழிவு பிளான்ட்டின் ஆர்.ஓ. பிரிவுக்கு மாற முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பிரிவைப் பார்க்கும் ஒருவரிடம் இருபது நிமிடம் பேச முடிந்தால் போதும். வேலை கேட்க மாட்டேன். அப்படி யாரையாவது தெரிந்திருந்து, உங்களுக்கும் சரி என்று பட்டால், அவரைக் கேட்டுவிட்டு நம்பர் தாருங்கள். அவருக்கு அனுப்ப வசதியாக என்னைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறேன். தோதுப்படாவிட்டால் பரவாயில்லை சார்."

குழாய் அடைத்த கதை நான் சும்மா போட்டது. உங்கள் டீமுக்கு நிஜமாக நடந்த ஏதாவது ஒன்று இருக்கும், அதை எழுதுங்கள். கரியால் நிறம் நீக்கும் புராஜெக்ட் எந்தக் கல்லூரியில்தான் இல்லை? வருடத்துக்கு மூன்று நான்கு டீம் பார்ப்பவருக்குத் தலைப்பைச் சொன்னால் ஞாபகம் வராது, சொதப்பலைச் சொன்னால் வரும்.

இரண்டாவது, அவர் அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிடக் கூடியது:

"(பெயர்), பி.இ. கெமிக்கல், 2019. ஈரோடு, கோவை பகுதியில் ஹோட்டல், அபார்ட்மென்ட் ஆர்.ஓ. பிளான்ட்டுகளைப் பராமரிக்கிறேன். மெம்பிரேன் அடைப்பைக் கண்டறிவது, கெமிக்கல் கழுவல், மெம்பிரேன் மாற்றம் என் அன்றாட வேலை. போர் தண்ணீரில்தான் அனுபவம், சாயக்கழிவில் இல்லை. கரிமப் படிவுக்குக் கழுவும் முறையை எப்படி மாற்றுகிறீர்கள், ஆர்.ஓ. ஷிஃப்ட் இன்ஜினியருக்கு முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகள். உங்களுக்கு வசதியான நேரத்தில் இருபது நிமிடம் பேச முடியுமா?"

இதில் "சார்" இல்லை, நலவிசாரிப்பு இல்லை, பழைய கதை இல்லை. ஒன்றாகக் கலந்து எழுதியிருந்தால், அடுத்தவருக்கு அனுப்ப அவர் உட்கார்ந்து வெட்டி ஒட்ட வேண்டும். செய்ய மாட்டார். தனியாக இருந்தால் பஸ்ஸில் போகும்போதே அனுப்பிவிடுவார்.

இத்தனை வருடம் பேசாமல் இருந்ததற்கு நீளமாக மன்னிப்பு எழுத நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பாஸ்டன் அருகே தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களை விசாரித்ததைச் சொல்கிறார். தகவல் தந்தவரை அந்தச் சமயத்தில் அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் 17% கூட இல்லை. எப்போதாவது சந்தித்தவர்கள் 56% அளவு, அபூர்வமாகச் சந்தித்தவர்கள் 28% அளவு. காரணம் எளிது. தினமும் டீ குடிக்கும் சர்வீஸ் நண்பர்களுக்கு உங்களுக்குத் தெரிந்த கம்பெனிகள்தான் தெரியும். அவர் கேட்டது கொஞ்சம் பேரைத்தான், அதுவும் அந்தக் காலம், அந்த ஊர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் விலகியிருந்த ஆளிடம் கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை என்பதற்கு இது போதும்.

எப்போது அனுப்புவது? செமஸ்டர் தேர்வும் விடைத்தாள் திருத்தலும் நடக்கும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பதில் வராவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரே ஒரு வரி. அதற்கும் பதில் இல்லை என்றால் நிறுத்திவிட்டு, உங்களுக்கு முந்தைய பேட்ச் சீனியர்களில் யார் திருப்பூரில் இருக்கிறார் என்று தேடுங்கள். அவரிடமும் இதே இரண்டாவது செய்தி செல்லும்.

நம்பர் கிடைத்தால் அன்றைக்கே பேச நேரம் கேளுங்கள். நான்கு நாள் கழித்து "ஊரில் இல்லை" என்று கூப்பிட்டால் அது சாருக்குத்தான் போய்ச் சேரும். இருபது நிமிடம் என்றால் இருபதாவது நிமிடத்தில் நீங்களே முடிக்கப் பாருங்கள், அவர் பேச்சை நீட்டினால் வேறு விஷயம். பேசி முடித்த அன்று மாலை சாருக்கு, அவர் என்ன சொன்னார், அடுத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று இரண்டு வரி. "துறை உனக்கு ஒத்துவராது" என்று மேனேஜர் சொல்லியிருந்தாலும் அதையே எழுதுங்கள். பெரும்பாலோர் விடுவது இதைத்தான். அறிமுகம் செய்தவருக்கு அதற்கப்புறம் என்ன நடந்தது என்றே தெரியாமல் போகிறது, அடுத்த பழைய மாணவன் கேட்கும்போது அவர் கை தானாகப் பின்வாங்குகிறது. அந்த மேனேஜரே பிறகு வேலைக்குக் கூப்பிட்டாலும், ஆர்டர் கைக்கு வருமுன் சாருக்குத் தகவல் போய்விட வேண்டும். வேறு யார் வாயிலாகவும் அவர் கேள்விப்படக் கூடாது.