அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. ஒரு வருடமாக மலச்சிக்கல். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறார், அதுவும் முக்கி முக்கி. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தெரிந்தவர் சொன்னார் என்று திரிபலா பொடி வாங்கி, படுக்கும்போது ஒரு ஸ்பூன் கொடுத்தோம். இரண்டாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை போனார். பயந்து நிறுத்திவிட்டோம். ராத்திரி தான் எழுந்தால் எங்கள் தூக்கம் கெட்டுவிடும் என்று அம்மா சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார். பொடியைக்கூட ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிடுவார். மறுபடி எப்படி ஆரம்பிப்பது? யாருக்கெல்லாம் இது ஆகாது?

பதில்: பொடி இருக்கட்டும், தம்பி. ‘எங்கள் தூக்கம் கெட்டுவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது அம்மாவாக நினைத்துக்கொண்டதா, இல்லை என்றைக்காவது காலையில் யாராவது முகத்தைச் சுளித்தீர்களா? பெரியவர்கள் இப்படிப்பட்ட முடிவைச் சும்மா எடுப்பதில்லை. ஒரு நாள் விளக்கைப் போட்டதற்கு யாரோ ‘ச்சு’ கொட்டியிருப்பார்கள். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து செம்பை ஓரமாக வைத்துவிடுவார்கள். நீங்களோ அதை அம்மாவின் பழக்கம்போல ஒரு வரியில் எழுதிவிட்டுப் பொடியின் அளவைக் கேட்கிறீர்கள். இதே கதை வேறு வேறு வீடுகளிலிருந்து எனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லோரும் மருந்தைத்தான் கேட்கிறார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நிறுத்தி, மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் அடுத்த வாய் தண்ணீர் என்றால் பாதி நாள் வறட்சி. அந்த நேரத்திலும் பெருங்குடல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. மலத்தில் இருக்கும் நீரை உறிஞ்சி உடம்புக்குக் கொடுப்பது அதன் வேலை. உடம்பில் நீர் குறைந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மூன்று நாள் உள்ளேயே கிடந்தால் மூன்று நாளும் இழுக்கும். அப்புறம் முக்காமல் எப்படி வரும்?

இதன்மேல் திரிபலாவைப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றையும் கொட்டை நீக்கிக் காயவைத்துச் சம அளவில் அரைத்ததுதான் இந்தப் பொடி. குடலை அசைத்து மலத்தை நகர்த்துவதில் கடுக்காய்க்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மூன்றுக்குமே துவர்ப்பு அதிகம், துவர்ப்பு வறட்டும். போதிய தண்ணீரோடு போனால்தான் பொடி கரைந்து பரவி, மெதுவாகத் தள்ளும். ஒரு மடக்கில் விழுங்கினால் இறுகிக் கிடக்கும் மலத்தைக் குடல் முறுக்கித் தள்ளப் பார்க்கும். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டது அதனால்தான் இருக்கும். எடுத்த எடுப்பில் ஒரு ஸ்பூன் வேறு கொடுத்திருக்கிறீர்கள். எந்த ஸ்பூன் என்று எழுதவில்லை. சாப்பிடும் ஸ்பூனில் குவித்து எடுத்திருந்தால் அது ஒரு டீஸ்பூனைப்போல இரண்டு மடங்குக்கு மேலேயே இருக்கும்.

மறுபடி தொடங்குவதற்கு முன்னால் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, அவருடைய டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மாத்திரை இருக்கிறதா? இருந்தால், பேதியும் சேரும்போது உப்புச்சத்தும் பொட்டாசியமும் இறங்கி, தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் வரும். அதை ராத்திரி கொடுக்கிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றலாமா என்றும் கேட்டுவிடுங்கள், ராத்திரி எழுவதே குறையலாம். இரண்டாவது, இந்த மாத்திரைகளில் எதுவாவது மலத்தைக் கட்டுமா? சில பிரஷர் மாத்திரைகள் கட்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் சில வலி மாத்திரைகளும்கூடக் கட்டும். மூன்றாவது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? சர்க்கரை ஏறியிருந்தாலும் ராத்திரியெல்லாம் சிறுநீர் போகும். பல வருடச் சர்க்கரை குடலையும் மந்தமாக்கும். தைராய்டு குறைவு இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அதுவும் மலச்சிக்கலுக்கு ஒரு காரணம், எளிதில் தெரிந்துவிடும்.

டாக்டர் சரி என்ற பிறகு தண்ணீரைச் சரிசெய்யுங்கள், பொடி அதற்கு அடுத்துதான். காலை எழுந்ததும் ஒரு டம்ளர், சாப்பாட்டுக்கு இடையிடையே ஒவ்வொரு டம்ளர் என்று பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்குள் குடிக்கவைக்கலாம். இதயம் பலவீனமாக இருந்தாலோ சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ எவ்வளவு குடிக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நீங்களாகக் கூட்டக் கூடாது. மற்றபடி ஒரு வாரம் தண்ணீரும் பழங்களும் காய்களும் கொடுத்துப் பாருங்கள். சிலருக்குப் பொடியே தேவைப்படாமல் போய்விடும்.

போதவில்லை என்றால் அளவு டீஸ்பூனில் கால் பங்கு, தலைதட்டி எடுத்தது, அதிலிருந்து தொடங்குங்கள். சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகக் கிளறி முழுவதையும் குடிக்கச் சொல்லுங்கள். வாய்க்குத் துவர்ப்பாகத்தான் இருக்கும். ‘படுக்கும்போது’ என்பதற்காகத் தலையணையில் சாயும் நேரத்தில் கொடுக்க வேண்டியதில்லை. ஏழு மணிக்குச் சாப்பிட்டு எட்டரைக்குப் பொடி, பத்து மணிக்கு ஒருமுறை சிறுநீர் போய்விட்டுப் படுக்கை என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு டம்ளருக்காக நடுராத்திரி எழ வேண்டிய பயமும் குறையும்.

முதல் நாளே பலனைத் தேடாதீர்கள். அதே கால் டீஸ்பூனில் ஒரு வாரம் இருங்கள். முக்காமல், உருவம் கலையாமல், மிருதுவாகப் போனால் அதுதான் அம்மாவின் அளவு, கூட்டவே கூடாது. தினமும் போயாக வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுலபமாகப் போனாலும் போதும். இன்னும் உருண்டை உருண்டையாக, காய்ந்து வந்தால் இரண்டாம் வாரம் அரை டீஸ்பூன். உங்கள் அம்மாவின் வயதுக்கும் மாத்திரைகளுக்கும் நான் அதோடு நிறுத்திக்கொள்வேன். ஆரோக்கியமான நடுத்தர வயதுக்காரர்கள்தான் ஒரு டீஸ்பூன் வரை போகலாம்.

கொஞ்சம் வாயு, இரைச்சல் முதல் சில நாள் இருக்கலாம். மலம் தண்ணீராகப் போனாலோ வயிறு முறுக்கினாலோ அன்றே நிறுத்துங்கள். இரண்டு நாள் கழித்து, முன்பு ஒத்துக்கொண்ட அளவுக்குத் திரும்புங்கள். கால் டீஸ்பூனுக்கே பேதி என்றால் இந்தப் பொடி அவருக்கு இல்லை, விட்டுவிடுங்கள். அளவு பொருந்திவிட்டால் மூன்று, நான்கு வாரத்துக்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறைத்து, நிறுத்திப் பாருங்கள். மாதக்கணக்கில் கேள்வி கேட்காமல் விழுங்கிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை இன்னும் இறங்கலாம் என்பதால் முதல் இரண்டு வாரம் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இந்தத் துவர்ப்பு அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும், அதனால் அதைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

யாருக்கு ஆகாது என்றும் கேட்டிருந்தீர்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மார்களும் தவிர்ப்பது நல்லது. குழந்தைகளுக்கு வீட்டில் நாமாகக் கொடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஏற்கனவே பேதியாக இருப்பவர்கள், மிகவும் மெலிந்து வறண்டு போனவர்களுக்கும் ஒத்துவராது. கடுக்காயை உடல் மெலிந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்க வேண்டும் என்று பழைய வைத்திய நூல்களே சொல்கின்றன. மூலிகைதானே என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ‘ஒரு வருடமாக’ என்கிறீர்கள். 71 வயதில் புதிதாக வந்த மலச்சிக்கலை ஒரு டாக்டர்கூடப் பார்க்காமல் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறீர்களா? மலத்தில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, மலம் மெலிந்து வருவது இவற்றில் ஒன்று இருந்தாலும் பொடியைத் தொடாதீர்கள், குடலைப் பரிசோதிக்க வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டால் அது மலச்சிக்கல் இல்லை, அடைப்பு. அன்று நேராக மருத்துவமனைதான். இதையெல்லாம் அம்மாவாகச் சொல்ல மாட்டார். தண்ணீரையே உங்களுக்காகக் குடிக்காமல் இருக்கிறவர் ரத்தம் வந்ததையா சொல்லப்போகிறார்? நீங்கள்தான் கேட்க வேண்டும். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் மனைவியையோ அக்காவையோ கேட்கச் சொல்லிவிட்டு நகராதீர்கள். பெற்ற தாயின் வயிற்றைப் பற்றிக் கேட்பதில் மகனுக்கு என்ன கூச்சம்? இந்த வேலையை மருமகள் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

அப்புறம், அந்த ராத்திரி. பொடி வேலை செய்தால் விடியற்காலையில் அவசரமாகப் போக வேண்டிவரும். இருட்டில் தடுமாறி 71 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மலச்சிக்கல் சின்ன விஷயமாகிவிடும். கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வழியில் மிதியடி, ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது. உள்ளே பிடித்து எழுந்துகொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்துவிடுங்கள். தூரம் அதிகம் என்றால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கழிப்பறை நாற்காலி ஒன்றைப் போடுங்கள். முதல் ஒரு வாரம் நீங்களே அம்மா அறையில் படுத்துக்கொள்ளுங்கள். அவர் எழும்போது நீங்களும் எழுந்து, கூடவே போய், வந்ததும் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். ‘கூப்பிடும்மா, நான் எழுந்துக்கறேன்’ என்று வாயால் சொன்னால் மட்டும் அவர் நம்ப மாட்டார். டம்ளரைத் திரும்பக் கையில் எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுக்காத வரை பொடியை ஆரம்பிக்காதீர்கள்.