மாத்திரையை நிறுத்தியாச்சு, சுகர் போய்விட்டதா?

"வயது 44. நாலு வருஷமாக சுகர், மெட்ஃபார்மின் காலை ஒன்று, ராத்திரி ஒன்று. எட்டு மாதத்தில் 91 கிலோவிலிருந்து 77க்கு வந்துவிட்டேன். டாக்டர் மாத்திரையை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. போன வாரம் ஹெச்பிஏ1சி 6.1. சுகர் போய்விட்டது என்று சொல்லலாமா? என் மச்சானுக்கு 15 வருஷ சுகர், இன்சுலின் போடுகிறார், எடை 104. எடை குறைப்பு ஆபரேஷன் செய்தால் அவருக்கும் போய்விடுமா?"

14 கிலோ குறைத்தது பெரிய காரியம். ஆனால் அந்த 6.1ஐ வைத்து இப்போதே எதுவும் சொல்ல முடியாது. ஹெச்பிஏ1சி காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியை, நீங்கள் மாத்திரையை விட்டதோ ஐந்து வாரம் முன்பு, ஆக அந்த எண்ணில் ஒரு பங்கு மெட்ஃபார்மினுடையது. மருந்தை முழுக்க நிறுத்தி குறைந்தது மூன்று மாதம் கழித்து எடுத்த ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால்தான் ரெமிஷன், அதாவது மருந்தில்லாமலே சுகர் அடங்கியிருக்கும் நிலை, என்று 2021இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து முடிவு செய்தன. இன்னும் இரண்டு மாதம் பொறுத்து மறுபடி எடுங்கள். அப்போதும் 6.1 என்றால் ரெமிஷன்தான், ஆனால் 5.7 முதல் 6.4 வரை சுகர் வருவதற்கு முந்தைய கட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். சுகர் வராதவருடைய ரத்தம் ஆகிவிடவில்லை.

எடை குறைந்ததும் சுகர் ஏன் இறங்குகிறது? கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் அது இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் ராத்திரியெல்லாம் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும், காலை வெறும் வயிற்று அளவு ஏறும். அங்கிருந்து வழியும் கொழுப்பு கணையத்திலும் தங்கி, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைச் சோர்ந்துபோக வைக்கும். எடை இறங்கும்போது இந்த இரண்டு இடத்துக் கொழுப்பும் கரைகிறது, செத்துப்போகாமல் மந்தமாகக் கிடந்த செல்கள் மறுபடி வேலைக்கு வருகின்றன. எடை திரும்பினால் கொழுப்பும் அதே இடத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான் விஷயம்.

ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்த டைரெக்ட் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களை, இன்சுலின் போடாதவர்களை மட்டும் எடுத்து, மூன்று முதல் ஐந்து மாதம் தினம் சுமார் 850 கலோரி சூப்பும் ஷேக்கும் கொடுத்தார்கள். ஒரு வருஷ முடிவில் 46 சதவீதம் பேருக்கு ரெமிஷன், 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் மட்டும் பார்த்தால் 86 சதவீதம். இரண்டாவது வருஷம் 46 என்பது 36 ஆனது, எடை ஏறியவர்களிடம் சுகரும் திரும்பியது. இரண்டு கிலோ ஏறினாலே மறுபடி சூப் உணவைத் தொடங்கச் சொன்னார்கள். நீங்களும் 79ஐத் தாண்டினால் அடுத்த டெஸ்ட்டுக்குக் காத்திருக்காமல் சாப்பாட்டை இறுக்கிப் பிடியுங்கள், ஹெச்பிஏ1சியும் எடுங்கள்.

ரெமிஷன் என்று உறுதியானாலும் வருஷம் ஒருமுறை ஹெச்பிஏ1சி, விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், பாதப் பரிசோதனை எதையும் விட வேண்டாம், பழைய நாலு வருஷத்தின் பாதிப்பு தாமதமாகவும் தலைகாட்டும். இன்சூரன்ஸ் படிவத்தில் சுகர் இருந்ததா என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் எழுதணும்.

உங்கள் மச்சான் கதை வேறு. ஆபரேஷன் ஆனவர்களுக்கு எடை இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே சுகர் குறையத் தொடங்கும். சாப்பாடு திடீரென்று சுருங்குவதும், சாப்பாடு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் ஏறுவதும் காரணம். ஆனால் பீட்டா செல்கள் மிச்சம் இருந்தால்தான் ஹார்மோனுக்கு வேலை, 15 வருஷ சுகரும் இன்சுலினும் என்றால் அந்த மிச்சம் குறைவாகவே இருக்கும். உடம்பு சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைட் டெஸ்ட்டை ஆபரேஷனுக்கு முன் பார்க்கச் சொல்லுங்கள், மிகக் குறைவாக வந்தால் இன்சுலின் அளவு குறையலாம், அடியோடு நிற்காது. ரோமில் ஆபரேஷன் செய்த 40 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில் முடிவில் ரெமிஷனில் இருந்தது 15 பேர். இரண்டாம் வருஷம் ரெமிஷனில் இருந்து பிறகு சுகர் திரும்பியவர்களுக்குக்கூட சராசரி ஹெச்பிஏ1சி 6.7தான், அதனால் ரெமிஷன் கிடைக்காவிட்டால் ஆபரேஷன் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். இன்சுலினை மட்டும் அவராக நிறுத்தக் கூடாது, ஆபரேஷனுக்குப் பிறகு அளவை டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று: எடை குறைக்க இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்தால் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்துக் குறைந்தால் சுகர் ஏறாமலே ஹெச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும், அதனால் எண் திடீரென்று ஏறினால் ஹீமோகுளோபினையும், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்காமல் மாத்திரையை ஆரம்பிக்க வேண்டாம்.