இரண்டு மாடிச் சட்டகத்துக்குப் போர்ட்டல் முறை

கேள்வி: காற்று விசைக்குப் போர்ட்டல் முறையில் தூண், பீம் மொமென்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? நடுத்தூணுக்கு மட்டும் ஏன் இரட்டிப்பு ஷியர்?

அடுத்தடுத்த இரண்டு தூண்களுக்கு இடையிலான பகுதிதான் ‘பே’. ஒவ்வொரு பே-யையும் இரண்டு தூண், ஒரு பீம் கொண்ட தனி வாசற்சட்டமாக நினைத்துப் பாருங்கள். நடுத்தூண் இரண்டு சட்டங்களுக்கும் பொது. அதனால்தான் இரட்டிப்பு. கூடவே, தூண், பீம் ஒவ்வொன்றின் நடுவிலும் மொமென்ட் பூஜ்யம் என்று கொள்கிறோம்.

ஒவ்வொன்றும் 6 மீட்டர் அகலத்தில் இரண்டு பே, மேல்மாடி உயரம் 3 மீ, கீழே 4 மீ. கூரையில் 20 கிலோநியூட்டன், முதல் தளத்தில் 40.

மேல்மாடி ஷியர் 20: ஓரத்தூண்களுக்கு 5, நடுத்தூணுக்கு 10. ஓரத்தூண் மொமென்ட் 5 × 1.5 = 7.5 கிலோநியூட்டன்-மீட்டர். கீழ்மாடியில் கூரை விசையும் சேர்வதால் ஷியர் 60. இதை மறப்பவர்கள் அதிகம். ஓரத்துக்கு 15, நடுவுக்கு 30; ஓரத்தூண் மொமென்ட் 15 × 2 = 30.

முதல் தள ஓர மூட்டில் பீம் மொமென்ட் 7.5 + 30 = 37.5, இதைப் பீமின் பாதி நீளத்தால் வகுத்தால் பீம் ஷியர் 37.5 ÷ 3 = 12.5. கூரை பீமில் 7.5 ÷ 3 = 2.5. ஆகவே கீழ் ஓரத்தூணின் அச்சு விசை 12.5 + 2.5 = 15: காற்று வரும் பக்கம் இழுவிசை, மறுபக்கம் அமுக்கம். நடுவில் பூஜ்யம்.

கட்டாயம் சரிபாருங்கள்: கீழ்மாடி நடுமட்டத்தில் காற்றின் மொமென்ட் 20 × 5 + 40 × 2 = 180; தூண்கள் தருவது 15 × 12 = 180.

இந்தக் கீழ்மாடிக் கணக்கு அடித்தளம் இறுக்கமாகப் பிடித்திருந்தால்தான் பொருந்தும். அடியில் தூணைச் சுழல விடும் ஹிஞ்ச் என்றால் பூஜ்யப் புள்ளி அங்கேயே இறங்கும்; கீழ் ஓரத்தூணின் தலைப்பில் மொமென்ட் 15 × 4 = 60, அதாவது இரட்டிப்பு.